வெள்ளிக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஆன கணக்கு

1947 ஆகஸ்ட் 15 என்ன கிழமை? வெள்ளிக்கிழமை. நாட்காட்டி அச்சிடுபவர்கள் முதல் பள்ளி மாணவர்கள் வரை யாரைக் கேட்டாலும் இதில் கருத்து வேறுபாடு வராது. ஆனால் தேதியிலிருந்து கிழமையைக் கண்டுபிடிக்கும் பழைய சூத்திரம் ஒன்று இருக்கிறது. அதை ஃபோர்ட்ரான் மொழியில் ஓட்டினால் வெள்ளி என்கிறது. எழுத்துக்கு எழுத்து பைத்தான் மொழிக்கு மாற்றி, வகுத்தல் குறியை ஒரு விதமாக எழுதினால் சனி என்கிறது. வேறு விதமாக எழுதினால் ஞாயிறு என்கிறது. மூன்று முறையும் கணினி எந்தப் பிழைச்செய்தியும் காட்டுவதில்லை.

ஒரு மொழியில் எழுதிய புரோகிராமை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோவதை மென்பொருள்காரர்கள் ‘போர்ட்’ செய்வது என்பார்கள். வங்கி, காப்பீடு, வானிலை, வானியல் என்று பல துறைகளில் நாற்பது ஐம்பது ஆண்டு வயதான புரோகிராம்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் புதிய மொழிகளுக்கு மாற்றும் வேலையும் ஓயாமல் நடக்கிறது. அதில் புது மொழிக்குப் புரியாத வரி இருந்தால் கவலை இல்லை. கணினியே அடுத்த நொடியில் தடுத்து நிறுத்திவிடும். இரண்டு மொழிகளிலும் ஒரே மாதிரி எழுதப்பட்டு, ஆனால் வேறு வேறு பொருள் தரும் வரிதான் ஆபத்தானது. வகுத்தல், பட்டியலில் இடம் எண்ணுதல், எழுத்துகளைக் கையாளுதல் ஆகிய மூன்றிலும் இப்படிப்பட்ட வரிகள் நிறைய. ஒரு தேதியைக் கிழமையாகவும் மாதப் பெயராகவும் மாற்றும் சின்ன புரோகிராமுக்குள்ளேயே மூன்றையும் பார்த்துவிடலாம்.

அந்தச் சூத்திரத்திலிருந்து தொடங்குவோம். வானியலாளர்களுக்கு மாதம், ஆண்டு என்று கணக்கு வைப்பது தொல்லை. இரண்டு கிரகணங்களுக்கு இடையே எத்தனை நாள் என்று கேட்டால், முப்பதும் முப்பத்தொன்றும் லீப் ஆண்டும் குறுக்கே வந்து நிற்கும். அதனால் அவர்கள் கி.மு. 4713ஆம் ஆண்டின் ஜனவரி முதல் நாளைப் பூஜ்யம் என்று வைத்து, அன்றிலிருந்து வரிசையாக நாட்களை எண்ணுகிறார்கள். அந்த எண்ணுக்கு ஜூலியன் நாள் எண் என்று பெயர். 2000 ஜனவரி 1 அந்தக் கணக்கில் 2451545ஆவது நாள். அந்த எண்ணை 7ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால் கிழமை கிடைத்துவிடும். மீதி 0 என்றால் திங்கள், 1 என்றால் செவ்வாய் என்று போய், 6 என்றால் ஞாயிறு.

நாம் எழுதும் தேதியை இந்த எண்ணாக மாற்ற, ஹென்றி ஃப்ளீகல், தாமஸ் வான் ஃப்ளாண்டர்ன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1968 அக்டோபரில் ‘கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏ.சி.எம்.’ இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார்கள். மாதங்களின் நீளத்துக்குப் பட்டியல் கிடையாது, ‘லீப் ஆண்டா இல்லையா’ என்ற கேள்வி கிடையாது, நிபந்தனை ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் ஒரே ஒரு ஃபோர்ட்ரான் வாக்கியம். அதில் I ஆண்டு, J மாதம், K தேதி.

```
JD = K-32075+1461*(I+4800+(J-14)/12)/4
     +367*(J-2-(J-14)/12*12)/12
     -3*((I+4900+(J-14)/12)/100)/4
```

பார்க்க மிரட்டுகிறதே என்று தள்ளிவிட வேண்டாம். கவனிக்க வேண்டியது `(J-14)/12` என்ற துண்டை மட்டும்தான். அது மூன்று இடத்தில் வருகிறது. ஃபோர்ட்ரானில் ஒரு முழு எண்ணை இன்னொரு முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்தான். புள்ளிக்குப் பின்னால் வருவது உதிர்ந்துவிடும். ஜனவரிக்கு J என்பது 1. ஆக, கழித்த பின் −13. அதை 12ஆல் வகுத்தால் −1.08, பின்னத்தை உதிர்த்தால் −1. பிப்ரவரிக்குச் சரியாக −1. மார்ச்சுக்கு −11ஐ 12ஆல் வகுக்க −0.92, பின்னத்தை உதிர்த்தால் 0. அங்கிருந்து டிசம்பர் வரை 0தான். ‘ஜனவரியும் பிப்ரவரியும் வந்தால் அவற்றைப் போன ஆண்டின் கடைசி மாதங்களாக எண்ணு, மற்ற மாதங்களை அப்படியே விடு’ என்ற கட்டளையை அந்த இருவரும் ஒரு வகுத்தலுக்குள் மடித்து வைத்திருந்தார்கள். லீப் நாள் பிப்ரவரி கடைசியில் வருவதால், ஆண்டு மார்ச்சில் தொடங்குவதாக வைத்துக்கொண்டால் கணக்கு எளிதாகிவிடும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

இனி பைத்தானுக்கு வருவோம். பைத்தானில் முழு எண் வகுத்தலுக்கு இரட்டைக் கோடு போட வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லும். போர்ட் செய்பவர் `/` வந்த இடமெல்லாம் `//` என்று மாற்றுகிறார். வேலை முடிந்தது.

முடியவில்லை. பைத்தானின் இரட்டைக் கோடு பின்னத்தை உதிர்ப்பதில்லை. கீழே இருக்கும் முழு எண்ணுக்கு இறங்குகிறது. விடை 2.9 என்றால் இரண்டும் ஒன்றுதான். உதிர்த்தாலும் 2, கீழே இறங்கினாலும் 2. ஆனால் விடை −0.92 என்றால் உதிர்ப்பது பூஜ்யத்தை நோக்கிப் போகிறது, இறங்குவது −1ஐ நோக்கிப் போகிறது. பூஜ்யத்துக்கு வலப்பக்கம் தோளோடு தோள் நடந்த இரண்டு வழிகள் இடப்பக்கம் போனதும் எதிரெதிராகப் பிரிகின்றன. எனவே பைத்தானில் ஜனவரிக்கு −2, பிப்ரவரிக்கு −1, மார்ச் முதல் டிசம்பர் வரை எல்லாவற்றுக்கும் −1.

1947 ஆகஸ்ட் 15ஐக் கையால் போட்டுப் பார்க்கலாம். ஃபோர்ட்ரானில் அந்தத் துண்டின் மதிப்பு 0. முதல் உறுப்பு 1461 பெருக்கல் 6747 வகுத்தல் 4, அதாவது 2464341. இரண்டாவது, 367 பெருக்கல் 6 வகுத்தல் 12, அதாவது 183. மூன்றாவது 51. எல்லாம் சேர்ந்து 2432413. ஏழால் வகுத்தால் மீதி 4. வெள்ளி.

பைத்தானில் அதே துண்டு −1. ஆண்டு ஒன்று பின்னால் போவதால் முதல் உறுப்பு 2463976 ஆகக் குறைகிறது. மாதத்தில் பன்னிரண்டு கூடுவதால் இரண்டாவது உறுப்பு 550 ஆக ஏறுகிறது. மூன்றாவதில் மாற்றம் இல்லை. மொத்தம் 2432415. மீதி 6. ஞாயிறு.

ஒரு பக்கம் ஓர் ஆண்டைக் குறைத்து, மறுபக்கம் பன்னிரண்டு மாதத்தைக் கூட்டினால் சரிக்குச் சரி ஆகிவிட வேண்டாமா? ஆகாது. இந்தச் சூத்திரத்தில் பன்னிரண்டு மாதத்தின் எடை 367 நாள்; நிஜ ஆண்டுக்கோ 365 அல்லது 366. மாத எண்ணிக்கை 1 முதல் 12க்குள் இருக்கும் வரைதான் 367 என்ற எண் சரியான தேதியைத் தரும். அதைத் தாண்டினால் மிச்சம் தங்கிவிடும். சாதாரண ஆண்டில் மார்ச் முதல் டிசம்பர் வரை இரண்டு நாள் கூடுதல், லீப் ஆண்டில் ஒரு நாள் கூடுதல். ஜனவரிக்குப் பெரும்பாலும் இரண்டு நாள். லீப் ஆண்டுக்கு அடுத்து வரும் ஜனவரிக்கு ஒரு நாள்.

பிப்ரவரிக்கு மட்டும் பிழையே இல்லை. இரண்டு மொழியிலும் அதன் மதிப்பு −1 என்பதால் எந்த ஆண்டின் பிப்ரவரியும் சரியாக வரும். போர்ட் செய்யும் வேலை பிப்ரவரி மாதத்தில் நடந்து, செய்தவர் அன்றைய தேதியைக் கொடுத்துக் கிழமையைச் சோதித்திருந்தால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று மனசாட்சியோடு கையெழுத்துப் போட்டிருப்பார்.

கிழமை தப்பினால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் இந்த எண் பெரும்பாலும் இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை நாள் என்று கழித்துப் பார்க்கவே பயன்படுகிறது. அங்கே பிழை இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும். ஒரே ஆண்டின் மார்ச் 10க்கும் நவம்பர் 20க்கும் இடைவெளி பார்த்தால், இரண்டிலும் ஒரே அளவு தவறு இருப்பதால் கழிக்கும்போது அது மறைந்துவிடும்; விடை சரி. 2023 பிப்ரவரி 28க்கும் மார்ச் 1க்கும் பார்த்தால் ஒரு நாளுக்குப் பதில் மூன்று நாள் காட்டும். ஒரு நாள் வட்டி மூன்று நாள் வட்டியாகும். 2023 ஜனவரி 31க்கும் பிப்ரவரி 1க்கும் பார்த்தால் விடை மைனஸ் ஒன்று. நாளை என்பது நேற்றுக்கு முன்னால் போய் நிற்கும்.

சரி, இரட்டைக் கோடு வேண்டாம், ஒற்றைக் கோடே போடலாம் என்று இன்னொருவர் நினைக்கலாம். பைத்தானின் பழைய இரண்டாம் பதிப்பில் ஒற்றைக் கோடும் முழு எண்களைக் கீழிறக்கித்தான் வகுத்தது. 2001இல் முன்வைத்த ஒரு திருத்தத்தின் வழியே இரட்டைக் கோடு மொழிக்குள் வந்தது. 2008இல் வெளியான மூன்றாம் பதிப்பில் ஒற்றைக் கோடு பின்னத்தோடு விடை தரத் தொடங்கியது. எனவே இன்றைய பைத்தானில் ஒற்றைக் கோட்டோடு இந்தச் சூத்திரத்தை எழுதினால் தசமப் புள்ளியோடு ஒரு விடை வரும். அதைக் கடைசியில் `int()` போட்டு முழு எண்ணாக்குவது பலருக்கும் தோன்றும் வழி. 2000 ஜனவரி 1க்கு அப்படிச் செய்தால் 2451545.57 வந்து, 2451545 ஆகிறது. அதுதான் சரியான விடை! வானியல் புத்தகங்களில் எல்லாம் மாதிரியாகக் கொடுக்கப்படும் தேதி அது. சோதிப்பவர் முதலில் எடுப்பதும் அதைத்தான். ஆனால் அது தற்செயல். 1947 ஆகஸ்ட் 15க்கு அதே வழியில் 2432414.78 வருகிறது, பின்னத்தை நீக்கினால் 2432414, சனிக்கிழமை. சூத்திரத்தின் உயிர் ஒவ்வொரு கட்டத்திலும் பின்னத்தை உதிர்ப்பதில் இருக்கிறது. கடைசியில் ஒரு தடவை உதிர்த்தால் போதாது.

மொழிகளுக்குள் ஏன் இந்தப் பிளவு? ஃபோர்ட்ரான் 1950களில் ஐ.பி.எம். 704 என்ற கணினிக்காக உருவானது. அந்தக் கணினி எண்ணின் அளவைத் தனியாகவும் கூட்டல் கழித்தல் குறியைத் தனியாகவும் வைத்துக்கொள்ளும். குறியை ஒதுக்கிவிட்டு அளவை வகுத்து, பிறகு குறியைச் சேர்ப்பது அதற்கு இயல்பு. பின்னத்தை உதிர்ப்பதும் அப்படியே அமைந்தது. சி மொழியின் 1989ஆம் ஆண்டுத் தரநிலை, கழித்தல் எண்களை எப்படி வகுப்பது என்பதைக் கணினிக்குக் கணினி மாற விட்டிருந்தது. 1999இல்தான் உதிர்ப்பது என்று உறுதியானது. ஜாவா, கோ, ரஸ்ட் எல்லாம் அந்தப் பாதையில் போகின்றன. பைத்தானும் ரூபியும் கீழே இறங்குகின்றன.

பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராஸம் அதற்குச் சொன்ன காரணமும் நேரக் கணக்கு சார்ந்ததுதான். கணினிகள் 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணுகின்றன. அதற்கு முந்தைய நேரம் கழித்தல் எண்ணாக இருக்கும். அதை ஒரு நாளின் நொடிகளால் வகுத்து மீதியை எடுத்தால், அன்றைய பொழுதில் எத்தனையாவது நொடி என்று தெரிய வேண்டும். கீழிறங்கும் வகுத்தலில் அந்த மீதி எப்போதும் பூஜ்யமோ அதற்கு மேலோதான். உதிர்க்கும் வகுத்தலில் மீதியும் கழித்தல் எண்ணாகிவிடும். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது; நடுவில் கோடு தாண்டுகிற புரோகிராமுக்குத்தான் அடி விழுகிறது.

இந்த இடத்தில் மருந்து எளிது. கழித்தல் எண்ணையே வகுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். `(J-14)/12` என்பதைக் கூட்டுவதற்குப் பதிலாக `(14-J)/12` என்று குறியைத் திருப்பி எழுதி, அதைக் கழித்தால் போதும். ஜனவரிக்கு 13ஐ 12ஆல் வகுக்க 1, பிப்ரவரிக்கு 1, மார்ச்சிலிருந்து 0. மேல்எண் எப்போதும் பூஜ்யத்துக்கு மேல் என்பதால் உதிர்த்தாலும் இறங்கினாலும் ஒரே விடை.

```
def jd(i, j, k):
    a = (14 - j)//12
    return (k - 32075 + 1461*(i + 4800 - a)//4
            + 367*(j - 2 + 12*a)//12
            - 3*((i + 4900 - a)//100)//4)
```

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பத்துத் தேதிகளைப் பொறுக்கியெடுத்துச் சோதித்தால் என்ன ஆகும் என்று பிப்ரவரி காட்டிவிட்டது. நாம் பயன்படுத்தும் நாட்காட்டி 400 ஆண்டுக்கு ஒரு முறை அப்படியே திரும்புகிறது. அந்த 400 ஆண்டில் மொத்தம் 1,46,097 நாட்கள். அத்தனை நாளையும் வரிசையாகக் கொடுத்து, ஒவ்வொரு நாளின் எண்ணும் முந்தைய நாளின் எண்ணைவிடச் சரியாக ஒன்று கூடுதலா என்று கேட்டால் போதும். இன்றைய மடிக்கணினிக்கு இது கண் மூடித் திறக்கும் வேலை. பழைய ஃபோர்ட்ரான் கணினியும் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. தவறான பைத்தான் வடிவத்தை 2000 ஜனவரி 1இலிருந்து இப்படி நடக்கவிட்டால் முதல் மாதத்தைத் தாண்டவே முடியாது. ஜனவரி 31க்கு 2451577 என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளான பிப்ரவரி 1க்கு 2451576 என்று சொல்லி மாட்டிக்கொள்ளும்.

வகுத்தலில் ஈவு மாறினால் மீதியும் மாறும் என்று பார்த்தோம். அந்த மீதியைக் கொண்டு ஒரு பட்டியலிலிருந்து கிழமையின் பெயரை எடுக்கும்போது அடுத்த பள்ளம் காத்திருக்கிறது.

கிழமையை நேராகத் தருகிற இன்னொரு சூத்திரத்தை 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்டியான் செல்லர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் கண்டுபிடித்தார். கல்லூரிப் பயிற்சிகளில் இன்றும் அடிக்கடி வருவது அது. பைத்தானில் இப்படி இருக்கும்:

```
h = (q + 13*(m+1)//5 + k + k//4 + c//4 - 2*c) % 7
```

q தேதி, m மாதம், c ஆண்டின் முதல் இரண்டு இலக்கம், k கடைசி இரண்டு இலக்கம்; ஜனவரியையும் பிப்ரவரியையும் மட்டும் போன ஆண்டின் 13, 14ஆம் மாதங்களாக எண்ண வேண்டும். விடை 0 என்றால் சனி, 1 ஞாயிறு, 2 திங்கள் என்று போகும். இதை சி மொழிக்குக் கொண்டுபோகிறார் ஒருவர். வகுக்கும் இடங்களில் கழித்தல் எண்ணே இல்லை. எல்லாம் நேர் எண்கள். இரட்டைக் கோட்டை ஒற்றைக் கோடாக்கினால் போதும் என்று தோன்றும். ஆனால் கடைசியில் நூற்றாண்டின் இரு மடங்கைக் கழிக்கிறார்கள். 2000 மார்ச் 1ஐப் போட்டால் 1 கூட்டல் 10 கூட்டல் 5 கழித்தல் 40, அதாவது −24. அதை 7ஆல் வகுத்த மீதி பைத்தானில் 4, புதன்கிழமை; சரி. சி மொழியில் மீதி −3.

பட்டியலில் மைனஸ் மூன்றாம் இடம் என்று ஒன்று உண்டா? சி மொழி அப்படிக் கேட்டாலும் மறுக்காது. பட்டியல் தொடங்கும் இடத்துக்கு முன்னால் நினைவகத்தில் என்ன கிடக்கிறதோ அதை எடுக்கப் போகும். புரோகிராம் விழலாம், குப்பை எழுத்துகள் வரலாம், எதுவும் ஆகலாம். ஜாவா உடனே பிழை காட்டி நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட் ‘வரையறுக்கப்படவில்லை’ என்ற பொருளில் `undefined` என்று எழுதிவிட்டு மேலே போகும். பைத்தானோ கடைசியிலிருந்து மூன்றாவதை எடுத்துக் கொடுக்கும். ஏழு பெயர் உள்ள பட்டியலில் கடைசியிலிருந்து மூன்றாவது, புதன்! ஒரே −3 நான்கு மொழிகளில் நான்கு விதமாக முடிகிறது. பைத்தானில் மட்டும் அது தற்செயலாகச் சரியான பெயரிலேயே போய் நிற்கிறது.

இந்தப் பிழைக்கு ஒரு காலவரையறை உண்டு என்பதுதான் இதில் மிகவும் யோசிக்க வைக்கும் விஷயம். கழித்தல் எண் வருவது நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில்தான்; k பெரிதாகப் பெரிதாக அது மேலேறிவிடும். இந்த நூற்றாண்டில் 2019 மார்ச் 1 வரை அது வருகிறது. 2020 தொடங்கியதிலிருந்து 2099 முடிய எந்தத் தேதிக்கும் வராது. இன்று இந்த சி புரோகிராமை எழுதி, இன்றைய தேதி, அடுத்த மாதம், அடுத்த பத்தாண்டு என்று எத்தனை தேதி கொடுத்துச் சோதித்தாலும் தவறு கண்ணில் படாது. 2000 மார்ச் 1இல் பிறந்த ஒருவர் தன் பிறந்த நாளைக் கொடுக்கும் அன்றுதான் அது வெளியே வரும். 2ஆல் பெருக்கிக் கழிப்பதற்குப் பதிலாக 5ஆல் பெருக்கிக் கூட்டினால் இந்தச் சிக்கல் எந்த மொழியிலும் எழாது. இரண்டுக்கும் வித்தியாசம் ஏழின் மடங்கு என்பதால் கிழமை மாறாது.

பட்டியலின் முதல் இடத்தை எந்த எண்ணால் அழைப்பது என்பதிலும் மொழிகள் ஒத்துப்போவதில்லை. ஃபோர்ட்ரான், மேட்லேப், ஆர், லுவா எல்லாம் ஒன்றிலிருந்து எண்ணுகின்றன. சி, ஜாவா, பைத்தான் பூஜ்யத்திலிருந்து. ஒன்றைக் கழிக்க மறந்தால் பைத்தானில் ஏழாவது கிழமை வரும்போது பிழைச்செய்தி வந்து காப்பாற்றும். ஏற்கெனவே கழித்திருப்பதை மறந்து இன்னொரு முறை கழித்தால் அந்தக் காவலும் இல்லை. −1 என்பது கடைசிப் பெயர் என்பதால் எல்லாக் கிழமையும் ஒரு நாள் நகர்ந்து, பிழைச்செய்தி ஒருபோதும் வராமலே ஓடும். ஆர் மொழியில் பூஜ்யமாவது இடத்தைக் கேட்டால் பிழையும் இல்லை, பெயரும் இல்லை. காலியான ஒரு பட்டியல் திரும்பி வரும்.

ஜாவாஸ்கிரிப்டில் இன்னும் ஒரு படி மேலே. அங்கே தேதிகள் 1இலிருந்து 31 வரை. மாதங்களோ 0இலிருந்து 11 வரை. `new Date(2025, 1, 31)` என்று எழுதினால் ஜனவரி 31 என்று நினைப்போம். அதற்கு 1 என்பது பிப்ரவரி. பிப்ரவரியில் 31ஆம் தேதி இல்லையே என்று அது குறை சொல்லாது. மிச்ச மூன்று நாளைத் தள்ளி மார்ச் 3 என்று வைத்துக்கொள்ளும். பைத்தானில் இல்லாத தேதியைக் கொடுத்தால் அங்கேயே நின்றுவிடும் என்பதை நம்பி எழுதிய சரிபார்ப்புகள், ஜாவாஸ்கிரிப்டுக்கு மாறியதும் வேலை செய்வதை நிறுத்திவிடுகின்றன.

இப்போது கிழமையும் மாதமும் கிடைத்துவிட்டன. மாதப் பெயரைத் திரையில் காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய புரோகிராம்களில் ஒரு வழக்கம் உண்டு: மாதப் பெயரின் முதல் மூன்று எழுத்தை வெட்டினால் சுருக்கம் கிடைத்துவிடும். `September` என்பது எந்த மொழியில் எண்ணினாலும் ஒன்பதுதான். மூன்றை வெட்டினால் `Sep`.

‘செப்டம்பர்’ என்று தமிழில் எழுதிப் பார்த்தால் நிலைமை தலைகீழ். நம் கணக்கில் செ, ப், ட, ம், ப, ர் என்று ஆறு எழுத்து. ஸ்விஃப்ட் மொழியும் ஆறு என்கிறது. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் பத்து என்கின்றன. கோ, ரஸ்ட் மொழிகளில் நீளத்தைக் கேட்டால் முப்பது. யூனிகோடில் ‘செ’ என்பது ச என்ற மெய்யுருவும் ஒற்றைக்கொம்பும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். புள்ளியும் தனிக் குறியீடு. அதனால் பத்து. ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் சேமிக்க யூ.டி.எஃப்.-8 முறையில் மூன்று பைட் வேண்டும், அதனால் முப்பது. ஆறும் பத்தும் முப்பதும் மூன்றும் சரியான எண்ணிக்கைகள்தான். ஒவ்வொரு மொழியும் எண்ணுகிற பொருள் வேறு.

மூன்று என்று வெட்டினால் பைத்தானில் ‘செப’ வரும். நான்காவது குறியீடான புள்ளி வெட்டில் போய்விட்டது. மார்ச் ‘மார’ ஆகும், ஆகஸ்ட் ‘ஆகஸ’ ஆகும். அதே வெட்டு கோ மொழியில் மூன்று பைட்டை மட்டும் எடுப்பதால் ‘ச’ என்ற ஒற்றை எழுத்து மிஞ்சும். நான்கு பைட் என்று கேட்டால் ஒற்றைக்கொம்பின் குறியீடு நடுவில் உடைந்து, திரையில் கேள்விக்குறி போட்ட கட்டம் தெரியும். ரஸ்ட் மொழி அப்படி நடுவில் வெட்ட மறுத்துப் புரோகிராமையே நிறுத்திவிடும். சி மொழியில் மாதப் பெயருக்குப் பத்து பைட் இடம் ஒதுக்கியிருந்தால் `September` கச்சிதமாக அமரும், முடிவுக் குறிக்கும் ஓரிடம் இருக்கும். ‘செப்டம்பர்’ அமர முப்பத்தொன்று வேண்டும்; ஒதுக்கிய இடத்தைத் தாண்டி அடுத்திருப்பதன் மேல் எழுதிக்கொண்டு போகும்.

ஸ்விஃப்டிலிருந்து பைத்தானுக்கு வருபவருக்கு இன்னொரு சிக்கல், அதுவும் ஒரே ஒரு மாதத்தில். ‘அக்டோபர்’ என்பதில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: முழுதாக ஒரே குறியீடாக, அல்லது இரட்டைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடாக. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. ஸ்விஃப்ட் இரண்டையும் சமம் என்கிறது. பைத்தானும் ஜாவாவும் வேறு வேறு என்கின்றன. பயனர் தட்டிய ‘அக்டோபர்’ பட்டியலில் உள்ள ‘அக்டோபர்’ இல்லை என்று புரோகிராம் சொல்லும். எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் கண்ணுக்குக் காரணம் தெரியாது. இப்படி ஒகர, ஓகார, ஔகாரக் குறி வருவது பன்னிரண்டு மாதப் பெயரில் இது ஒன்றில் மட்டும்தான். பைத்தானில் ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் கட்டளை இருக்கிறது:

```
unicodedata.normalize("NFC", s)
```

வெட்டும் சிக்கலுக்கு, தமிழ் எழுத்தை எழுத்தாகவே எண்ணும் கருவிகளும் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் `Intl.Segmenter` அந்த வேலையைச் செய்கிறது. அதை வைத்து முதல் மூன்று எழுத்தை எடுத்தால் புள்ளி போகாது. ஆனால் ‘செப்ட’ என்று வரும். இரண்டு எழுத்து எடுத்தால் ‘செப்’ சரி. ஜூனும் ஜூலையும் வெட்டுப்படாமல் முழுப் பெயராகவே வரும். ‘மே’யில் இரண்டாவது எழுத்தே இல்லை. மூன்று என்று எண்ணி வெட்டுவது ஆங்கில மாதப் பெயர்களுக்கு வாய்த்த வசதி. புது மொழியில் எவ்வளவு கவனமாக எழுதினாலும் அது தமிழுக்கு வராது. யூனிகோட் அமைப்பின் வட்டார வழக்குத் தரவுத்தொகுப்பில் தமிழுக்கு ஜன., பிப்., மார்., ஏப்., மே, ஜூன், ஜூலை, ஆக., செப்., அக்., நவ., டிச. என்று பன்னிரண்டு சுருக்கமும் முழுதாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. பழைய புரோகிராமில் வெட்டுகிற வரி இருந்த இடத்தில் இந்தப் பட்டியலை வைத்துவிட வேண்டியதுதான்.